3 அடி கதவுக்கு லிண்டல்: முக்கால் ஜல்லியா, அரை ஜல்லியா? எம்-சாண்ட் எவ்வளவு?

புதுத்திண்ணை
வீட்டுப் பின்பக்கம் 9 இன்ச் செங்கல் சுவரில் 3 அடி கதவு வைக்கிறோம். மேலே வர வேண்டிய லிண்டலை அந்த இடத்திலேயே பலகை அடித்து ஊற்றப் போகிறோம். இரண்டு பக்கமும் 6 இன்ச் சுவரில் உட்காரும்படி நீளம் 4 அடி, அகலம் 9 இன்ச், உயரம் 6 இன்ச். கீழே 10 மி.மீ. கம்பி இரண்டு, மேலே 8 மி.மீ. இரண்டு, 6 இன்ச்சுக்கு ஒரு 8 மி.மீ. ரிங். ரிங்கை கொத்தனார் வெளி அளவு ஏழரைக்கு நாலரை இன்ச் என்று வளைத்து வைத்துவிட்டார்.

தளம் போட்டதில் மிஞ்சிய முக்கால் ஜல்லி ஒரு குவியல் கிடக்கிறது. எம்-சாண்ட் இருக்கிறது, பூச்சுக்கு வாங்கிய பி-சாண்ட் நாலு மூட்டையும் இருக்கிறது. கொத்தனார் "ஒண்ணுக்கு ரெண்டுக்கு நாலு, பாண்டு கணக்கில் போட்டுக்கலாம்" என்கிறார். முக்கால் ஜல்லி மட்டும் போதுமா, அரை ஜல்லி தனியாக வாங்க வேண்டுமா? மணல் எவ்வளவு? வைப்ரேட்டர் கிடையாது.

மேஸ்திரிமுருகு
4 அடி லிண்டலுக்கு இவ்வளவு யோசனை எதுக்கு தம்பி. முக்கால் ஜல்லியே போடுங்க, அதுதான் ஸ்ட்ராங்கு. அரை ஜல்லி போட்டா காசும் வேஸ்ட். அப்படியே அரை ஜல்லிதான் போடுவேன்னா மணலைக் குறைச்சுக்கலாம். ஜல்லி சின்னதா இருந்தா சந்தும் சின்னதா இருக்கும், நிரப்ப மணல் கம்மியா போதும். 1:2:4 எல்லாம் காலங்காலமா போடறதுதான்.

கரணை
முருகு அண்ணன் சொல்வதில் பாதியை ஏற்கிறேன். 6 இன்ச் உயரத்துக்கு முக்கால் ஜல்லி பெரிதில்லை. ஐ.எஸ். 456 விதிப்படி ஜல்லியின் பெரிய அளவு அந்த உறுப்பின் குறைந்த தடிமனில் நான்கில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. 150 மி.மீ.க்கு நாலில் ஒன்று 37 வருகிறது, 20 மி.மீ. தாராளமாக உள்ளே அடங்கும்.

ஆனால் ஜல்லி மாட்டிக்கொள்வது உயரத்தில் இல்லை, கம்பிக்கும் பலகைக்கும் நடுவில்தான். புதுத்திண்ணை கொடுத்த அளவை வைத்துப் பாருங்கள். அகலம் 9 இன்ச், ரிங் ஏழரை. மீதி ஒன்றரை இன்ச், பக்கத்துக்கு முக்கால் இன்ச். அதாவது 19 மி.மீ. சந்து. உயரம் 6, ரிங் நாலரை, அங்கேயும் அதே கதை. 20 மி.மீ. என்று நாம் வாங்கும் ஜல்லி 20 மி.மீ. சதுரக் கண்ணில் விழுந்த கல். தட்டைக் கல்லாக இருந்தால் அதே கண்ணில் நீளவாக்கில் விழுந்துவிடும், அளந்தால் 30, 35 மி.மீ. நீளம் இருக்கும். அது ரிங்குக்கும் பலகைக்கும் இடையில் பாலம் மாதிரி படுத்துக்கொள்ளும். பின்னால் வரும் கல் அதன் மேல் நிற்கும், கீழே சாந்து மட்டும் சொட்டும், அதுவும் போதாது. பலகையைக் கழற்றினால் ரிங் இருக்கிற இடமெல்லாம் தேன்கூடு.

இதே விதிநூலில் கம்பி நெருக்கமான உறுப்புக்கு இன்னொரு கட்டுப்பாடும் உண்டு: கம்பிகளின் இடைவெளியை விட 5 மி.மீ. குறைவு, கம்பியை மூடி நிற்கும் கான்கிரீட்டான கவரை விட 5 மி.மீ. குறைவு, இந்த இரண்டில் எது சிறியதோ அதுதான் ஜல்லியின் உச்ச அளவு. கவர் 20 என்றால் ஜல்லி 15. சந்தையில் அதற்குக் கீழே கிடைப்பது அரை ஜல்லி, 12 மி.மீ.

முருகு அண்ணனின் மணல் கணக்குக்கு இரவில் வருகிறேன். அது தலைகீழ்.

சைட்_இன்ஜி
சின்னத் திருத்தம். அந்த "5 மி.மீ. குறைவு" விதி கம்பி நெருக்கமான உறுப்புக்குத்தான். இங்கே கீழே இரண்டே கம்பி. 230 அகலத்தில் இரண்டு பக்கக் கவர், ரிங், கம்பி எல்லாம் கழித்தாலும் நடுவில் 150 மி.மீ.க்கு மேல் வெற்றிடம். இதை நெருக்கம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். 20 போட விதி தடுக்கவில்லை.

கரணை
விதி தடுக்கவில்லை, சரி. ஆனால் அந்த விதியின் பின்னால் வைப்ரேட்டர் இருக்கிறது. இங்கே கையால் கம்பி விட்டுக் குத்தப் போகிறார்கள். குத்துகிற கம்பி நடுவில்தான் தாராளமாக இறங்கும், ஓரத்து 19 மி.மீ. சந்தில் அரைகுறையாக. அதனால்தான் ஓரச் சந்தை வைத்துக் கணக்குப் போடச் சொல்கிறேன். ரிங்கை இனிமேல்தான் வளைக்கப் போகிறார்கள் என்றால் வேறு மாதிரி சொல்வேன்: ஏழு இன்ச்சுக்கு நாலு இன்ச் என்று வளைத்து, 25 மி.மீ. கவர் பிளாக் வைத்து, முக்காலும் அரையும் கலந்து போடுங்கள் என்று.

நிழல்கூரை
எங்கள் கடைக்கு 10 அடி ஷட்டர். அதுக்கும் 6 இன்ச் லிண்டல் அரை ஜல்லியில் போட்டால் தாங்குமா? மேலே தண்ணீர் டேங்க் சுவர் வருகிறது.

சைட்_இன்ஜி
நிழல்கூரை சார், உங்களுடையது லிண்டல் கேள்வியே இல்லை, பீம். 10 அடிக்கு மேலே டேங்க் சுவர் என்றால் உயரமும் கம்பியும் கணக்குப் போட்டுத்தான் வர வேண்டும். ஜல்லி அளவை மாற்றி அதைச் சரிக்கட்ட முடியாது. உள்ளூரில் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் ஒருவரிடம் படத்தோடு போங்கள். இந்த இழையில் உள்ள எந்த எண்ணையும் அதற்கு எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கரணை
இப்போது மணல்.

ஜல்லி சின்னதானால் ஒவ்வொரு சந்தும் சின்னதாகும், உண்மை. ஆனால் சந்துகளின் எண்ணிக்கை அதே வேகத்தில் கூடிவிடும். ஒரே அளவுக் கல்லால் நிரப்பிய வாளியில் மொத்த வெற்றிடம் முக்கால் ஜல்லிக்கும் அரை ஜல்லிக்கும் ஏறத்தாழ ஒன்றுதான், 45 சதவீதத்தை ஒட்டி வரும். சந்தேகம் இருந்தால் வாளியை வைத்தே பார்க்கலாம். 10 லிட்டர் வாளியில் ஜல்லியை மூன்று தடவையாகப் போட்டு, ஒவ்வொரு தடவையும் தரையில் தட்டி, விளிம்பு மட்டத்துக்கு நிரப்புங்கள். பிறகு லிட்டர் குவளையால் அளந்து விளிம்பு வரை தண்ணீர் ஊற்றுங்கள். உள்ளே போன தண்ணீர்தான் வெற்றிடம். முக்கால் ஜல்லியில் நாலரை லிட்டர் போனால், அரை ஜல்லியிலும் அதை ஒட்டித்தான் போகும். இரண்டையும் 60-க்கு 40 கலந்து செய்தால் ஏறக்குறைய 4 லிட்டராக இறங்குவதைப் பார்க்கலாம், ஏனென்றால் பெரிய கல்லின் சந்தில் சின்னக் கல் போய் உட்காருகிறது. மணலைக் குறைக்க இடம் கொடுப்பது இந்தக் கலப்புதான். அரை ஜல்லி மட்டும் போட்டால் அந்த இடம் கிடையாது.

அதோடு முடியவில்லை. வெற்றிடம் ஒன்றாக இருந்தாலும் கல்லின் மேற்பரப்பு கூடிவிடுகிறது. ஒவ்வொரு கல்லையும் சாந்து போர்த்த வேண்டும். பாதி அளவுக் கல்லுக்கு அதே எடையில் போர்த்த வேண்டிய பரப்பு இரண்டு மடங்கு. ஆக அரை ஜல்லிக்கு மணல் கூடத்தான் வேண்டும், கூடவே தண்ணீரும் சிமெண்டும். ஐ.எஸ். 10262 அட்டவணையில் 20 மி.மீ. ஜல்லிக்குக் கன மீட்டருக்கு 186 லிட்டர் தண்ணீர், 10 மி.மீ. ஜல்லிக்கு 208. ஏறக்குறைய 12 சதவீதம் அதிகம். தண்ணீரை மட்டும் ஏற்றினால் பலம் இறங்கும், சிமெண்டையும் அதே விகிதத்தில் ஏற்ற வேண்டும். முருகு அண்ணன் "அரை ஜல்லி காசு" என்றது இந்த வகையில் சரிதான், காசு ஜல்லியில் போகவில்லை, சிமெண்டில் போகிறது.

மேஸ்திரிமுருகு
சரி, தண்ணி ஊத்திப் பாக்கறேன். ஆனா 1:2:4 தப்புன்னு யாரும் சொல்லலையே?

சைட்_இன்ஜி
நான் சொல்கிறேன் அண்ணா. 1:2:4 ஏறத்தாழ எம்15. 2000-இல் வந்த ஐ.எஸ். 456 கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு எம்20-க்குக் கீழே போகக் கூடாது என்கிறது. எம்20-க்கு நாம் வழக்கமாக எடுத்துக்கொள்வது 1:1½:3. பெயரளவுக் கலவைக்கு அதே நூலில் ஒரு மூட்டை சிமெண்டுக்கு மணலும் ஜல்லியும் சேர்ந்து 250 கிலோ, தண்ணீர் 30 லிட்டர், இரண்டும் உச்ச வரம்பு. மணலுக்கும் ஜல்லிக்கும் இடையில் விகிதம் 1-க்கு 2 பொது. 1-க்கு 1½ வரை மணலைக் கூட்டலாம், 1-க்கு 2½ வரை குறைக்கலாம். அரை ஜல்லி என்றால் கரணை சொன்ன மாதிரி மணல் கூடுகிற பக்கம் நகர வேண்டும்.

ஆத்துமணல்
எம்-சாண்டில் லிண்டலா? ஆற்று மணல் உருண்டை, தண்ணீர் கம்மியாக வாங்கும், கையால் குத்தினாலும் வழுக்கிக்கொண்டு இறங்கும். எம்-சாண்ட் கலவை மண்வெட்டிக்கே வராது.

கரணை
வழுக்கல் ஆற்று மணலுக்குத்தான் அதிகம், அதில் வாதமில்லை. ஆனால் புதுத்திண்ணையிடம் இருப்பது எம்-சாண்ட், 19 லிட்டர் மணலுக்காக ஆற்று மணல் தேடி அலைய வேண்டியதில்லை. எம்-சாண்டில் கல் தூள் 15 சதவீதம் வரை ஐ.எஸ். 383 அனுமதிக்கிறது, அந்தத் தூளே ஓரளவுக்கு வழுக்கல் கொடுக்கும். உள்ளங்கையில் ஈர மணலை அழுத்தி உதறிப் பாருங்கள். கையில் மாவு மாதிரி படிந்து ஒட்டினால் தூள் அதிகம், அதைச் சலித்துக் கழுவாமல் போடாதீர்கள். கரகரவென்று உதிர்ந்தால் போடலாம்.

புதுத்திண்ணை
பி-சாண்டை என்ன செய்வது? எம்-சாண்டில் பாதிப் பாதி கலந்தால் ஓரச் சந்து நல்லா நிரம்புமே என்று கொத்தனார் கேட்கிறார்.

கரணை
வேண்டாம். பி-சாண்ட் பூச்சுக்கென்று நைசாகச் சலித்தது. சந்து நிரம்பும், ஆனால் போர்த்த வேண்டிய பரப்பு இன்னும் ஏறும், கலவை பிசுபிசுக்கும், "இறங்கவில்லை" என்று சித்தாள் தண்ணீர் ஊற்றுவார். மேல் பரப்பில் மயிரிழை வெடிப்பு, உள்ளே பலமும் குறைவு. அந்த நாலு மூட்டையைப் பூச்சுக்கே வையுங்கள். கிரஷர் தூசியும் இதே காரணத்துக்காக வேண்டாம்.

கணக்கு போட்டுவிடலாம். 4 அடி, முக்கால் அடி, அரை அடி: ஒன்றரை கன அடி, 42½ லிட்டர் கான்கிரீட். உலர்ந்த பொருளாக அதன் ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல் வேண்டும், சிந்துவதற்கு ஒரு பத்து சதவீதம். மொத்தம் 72 லிட்டர் உலர் பொருள். கொஞ்சம் மிஞ்சும்படிதான் போட்டிருக்கிறேன். கடைசி அரை இன்ச்சுக்குப் போதாமல் புதிதாகக் கலப்பதை விட ஒரு சட்டி மிஞ்சுவது நல்லது.

முக்காலும் அரையும் கலந்தால்: சிமெண்ட் 19 கிலோ, எம்-சாண்ட் 19½ லிட்டர், ஜல்லி 39 லிட்டர் (முக்கால் 23½, அரை 15½), தண்ணீர் 9½ லிட்டர்.

அரை ஜல்லி மட்டும் என்றால்: சிமெண்ட் 21 கிலோ, எம்-சாண்ட் 22 லிட்டர், அரை ஜல்லி 35 லிட்டர், தண்ணீர் 10½ லிட்டர்.

உங்கள் ரிங் அளவுக்கு நான் இரண்டாவதைத்தான் எடுப்பேன். சிமெண்டைத் தராசில் நிறுங்கள், லிட்டர் வாளியில் அளக்காதீர்கள். மூட்டையிலிருந்து கொட்டினால் சிமெண்ட் உப்பிக்கொள்ளும், வாளிக் கணக்கில் கொஞ்சம் குறைவாகவே விழும். காய்கறித் தராசு போதும்.

மணல் லிட்டர் உலர்ந்த மணலுக்கு. இதுதான் முக்கியம், அடுத்த பதிவில்.

கரணை
ஈர மணல் உப்பும். கொஞ்சம் ஈரம் இருக்கிற மணலின் ஒவ்வொரு துகளையும் தண்ணீர்ப் படலம் தள்ளி நிறுத்துகிறது, அதனால் ஒரே வாளியில் குறைந்த மணல்தான் பிடிக்கும். 5 சதவீத ஈரத்தில் 20 முதல் 30 சதவீதம் வரை உப்பும். அப்படி 25 சதவீதம் உப்பிய மணலை உலர்ந்ததாக நினைத்துப் பாண்டு கணக்கில் போட்டால், 1½ என்று போட்டது உண்மையில் 1.2. ஜல்லி 3 அப்படியே. மணலுக்கும் ஜல்லிக்கும் 1-க்கு 2½ ஆகிவிட்டது. சைட்_இன்ஜி சொன்ன கீழ் எல்லை அது. கொத்தனார் "ஜல்லி துருத்திக்கிட்டு நிக்குது, மணல் பத்தலை" என்று சொல்வது பாதி நேரம் இதனால்தான், விகிதம் தப்பு என்பதால் இல்லை.

கண்டுபிடிக்க: நேர்ச் சுவராக உள்ள கண்ணாடிப் பாட்டில் ஒன்றில் குவியலிலிருந்து மணலை அழுத்தாமல் 20 செ.மீ. உயரத்துக்குப் போடுங்கள். மேலே மூழ்கும்வரை தண்ணீர் ஊற்றி, குச்சியால் கிளறி, படிய விடுங்கள். 16 செ.மீ.யில் நின்றால் 4 செ.மீ. உப்பல், 16-க்கு 4 என்றால் 25 சதவீதம். 22 லிட்டர் வேண்டும் என்றால் 27½ லிட்டர் போட வேண்டும்.

அந்த மணலோடு தண்ணீரும் வருகிறது. 22 லிட்டர் எம்-சாண்ட் சுமார் 36 கிலோ, 5 சதவீத ஈரம் என்றால் கிட்டத்தட்ட 1.8 லிட்டர். 10½-இல் இதைக் கழித்து 8.7 லிட்டர்தான் ஊற்ற வேண்டும். இந்தக் கழித்தலை யாரும் செய்வதில்லை, மழைக்கு மறுநாள் போட்ட கான்கிரீட் பஞ்சு மாதிரி வருவதும் அதனால்தான்.

மேஸ்திரிமுருகு
பாட்டில் எல்லாம் வேணாம், கை பிடிச்சுப் பாத்தா தெரியும். உருண்டை பிடிச்சு உடையாம நின்னா ஈரம்.

கரணை
ஈரம் இருக்கிறது என்று கை சொல்லும் அண்ணா. எத்தனை சதவீதம் உப்பியிருக்கிறது என்று சொல்லாது. 10 சதவீதமா 25-ஆ என்பதில்தான் மூன்று லிட்டருக்கு மேல் வித்தியாசம். பாட்டில் வேலை பத்து நிமிஷம்.

ஆத்துமணல்
மணலை முழுக்க நனைத்து ஊறவிட்டால் உப்பல் போய்விடும் அல்லவா? அப்புறம் வாளியில் அளந்தால் சரியாகிவிடும்.

கரணை
போய்விடும், தத்துவம் சரி. ஆனால் அளந்தால் அவ்வளவு தண்ணீர் உள்ளே வந்துவிடும், அதை அளக்க வழியில்லை. உலர்ந்தோ லேசான ஈரத்திலோ வைத்துக்கொள்வதே சுலபம். முந்தின நாள் இரவு தார்ப்பாய் போட்டு மூடினால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

புதுத்திண்ணை
இன்று செய்து பார்த்தேன். முக்கால் ஜல்லிக்கு 10 லிட்டர் வாளியில் 4.6 லிட்டர் தண்ணீர் போனது. மணல் 20-க்கு 16½ செ.மீ. கடையில் அரை ஜல்லி சாக்கு கணக்கில் தருகிறார்கள், ஒரு சாக்கு ஏறக்குறைய 30 லிட்டர் இருக்கும். ஒன்றே கால் சாக்காவது வேண்டும். முக்கால் ஜல்லியையே சலித்துச் சின்னதை எடுக்க முடியாதா?

கரணை
16½ என்றால் மூன்றரை செ.மீ. உப்பல், 21 சதவீதம். 22 லிட்டருக்கு 26½ லிட்டர் அளவாகும்.

சலித்து எடுக்கலாம், ஆனால் லாபமில்லை. முக்கால் குவியலில் பெரும்பகுதி 10-க்கும் 20-க்கும் நடுவில்தான் இருக்கும். அரை இன்ச் கண் சல்லடையில் சலித்தால் 35 லிட்டர் தேறுவதற்குக் குவியலே போய்விடும். இரண்டு சாக்கு வாங்கிவிடுங்கள். வாங்கும்போது ஒரு கைப்பிடி எடுத்து விரித்துப் பாருங்கள். பத்துக் கல்லில் நாலைந்து ஓடு மாதிரி தட்டையாக இருந்தால் வேறு சாக்கு கேளுங்கள். கனசதுரமாக உடைந்த கல்தான் கம்பிக்கு நடுவில் புரண்டு இறங்கும். கல்லின் மேல் வெள்ளைத் தூள் ஒட்டியிருந்தால் முந்தின நாள் கழுவி வடிய விடுங்கள், அந்தத் தூள் சாந்து ஒட்டாமல் தடுக்கும்.

சைட்_இன்ஜி
ஊற்றுவது பற்றி. அடியில் 20 மி.மீ. கவர் பிளாக் வையுங்கள், ஜல்லித் துண்டை வைத்துக் கம்பியைத் தூக்க வேண்டாம். குத்தும்போது ஜல்லி நழுவும், கம்பி பலகையில் உட்காரும், அதோடு கவர் பூஜ்யம். பலகையில் எண்ணெய் தடவி, சுவரில் உட்காரும் செங்கலை நனைத்து, இரண்டு அடுக்காக ஊற்றுங்கள். ஒவ்வொரு அடுக்கிலும் 12 அல்லது 16 மி.மீ. கம்பியால் குத்துங்கள். ஓரத்தில் கம்பி இறங்காத இடத்தில் கரணையைப் பலகையை ஒட்டிச் செங்குத்தாக விட்டு மேலும் கீழும் ஆட்டுங்கள், வெளியில் சுத்தியலால் லேசாகத் தட்டுங்கள். மேலே சாந்து பளபளவென்று வந்தால் நிறுத்துங்கள். அதற்கு மேல் தட்டினால் கல் கீழே, சாந்து மேலே என்று பிரிந்துவிடும்.

கரணை
கலவை சரியா என்று பார்க்க இன்னொன்று: கலந்த குவியலைக் கரணையின் பின்பக்கத்தால் ஒரு தடவை இழுத்துவிடுங்கள். ஜல்லி மூடி மட்டமாக வந்தால் மணல் போதும். கல் கல்லாகத் துருத்தி நடுவில் ஓட்டை தெரிந்தால் மணல் குறைவு. கரணை இழுத்த தடத்தில் ஜல்லியே தெரியாமல் வெறும் சாந்தாக வழுக்கினால் மணல் கூட. குறைவு என்று தெரிந்தால் தண்ணீர் ஊற்றிச் சமாளிக்காதீர்கள். ஒரு லிட்டர் மணலும் அரை கிலோவுக்குக் கொஞ்சம் மேல் சிமெண்டும் சேர்த்துப் புரட்டுங்கள்.

புதுத்திண்ணை
நேற்றுக் காலை ஊற்றினோம். அரை ஜல்லி மட்டும், 21 கிலோ சிமெண்ட், கணக்குப்படி மணல். தண்ணீர் 8.7 லிட்டரில் ஆரம்பித்து, இழுபடவில்லை என்று இன்னும் அரை லிட்டர் சேர்த்தோம். ஒரு சட்டி மிஞ்சியது. இன்று பக்கப் பலகையைக் கழற்றினோம். நடுவெல்லாம் மழமழவென்று இருக்கிறது. இடது கோடியில், சுவரில் உட்காரும் பக்கம், கை அகலத்துக்குத் தேன்கூடு. கடைசிச் சட்டியை அங்கேதான் கொட்டினோம். கம்பி தெரியவில்லை.

கரணை
அரை லிட்டர் சேர்த்தாலும் 9.2, மணலின் ஈரத்தோடு 11. 21 கிலோவுக்கு இது 0.52, பயப்பட வேண்டியதில்லை.

அந்தக் கோடி: தட்டின் அடியில் சுரண்டிய கடைசிச் சட்டியில் எப்போதும் ஜல்லி கூட இருக்கும், சாந்து தட்டிலேயே ஒட்டிக்கொள்ளும். அதை ஓரத்தில் கொட்டாமல் நடுவில் மேல்பரப்பில் போட்டு மேலே தட்டியிருக்க வேண்டும். இப்போது உளியின் முனையால் தளர்ந்த கல்லை எல்லாம் தட்டி எடுங்கள், கெட்டியான பரப்பு வரும் வரை. எவ்வளவு ஆழம் போகிறது என்று அளந்து சொல்லுங்கள்.

புதுத்திண்ணை
18 மி.மீ. போனது. அதற்குக் கீழே கெட்டி. ரிங்கின் முனை ஓர் இடத்தில் தெரிகிறது.

கரணை
ரிங் தெரிந்தால் அதைச் சுற்றிலும், பின்பக்கமும் சேர்த்து, ஒரு விரல் இடம் விட்டுத் தோண்டுங்கள். இல்லையென்றால் பின்னால் காற்றுப் பை தங்கிவிடும். கழுவி, ஈரமாக இருக்கும்போதே சிமெண்டைக் கூழாகக் கலக்கி ஒரு கோட் தடவி, அது காயும் முன் 1-க்கு 2 எம்-சாண்ட் சாந்தை அழுத்தி அழுத்தி அடையுங்கள். சாந்து கெட்டியாக இருக்க வேண்டும், கையால் உருட்டினால் நிற்கிற அளவு. இன்றைக்கே முடியுங்கள்.

மேஸ்திரிமுருகு
ஏழாம் நாள் அடி முட்டுக்கட்டையும் எடுத்துடலாம். 4 அடிதானே.

சைட்_இன்ஜி
முட்டு 14 நாள். பலகையை ஏழாம் நாள் கழற்றி முட்டுக்கட்டையை மறுபடி நிறுத்தலாம். மூட்டையில் பி.பி.சி. என்று போட்டிருந்தால் 10 நாளாவது சாக்கு போட்டு நனைக்க வேண்டும்.

மேஸ்திரிமுருகு
14 நாள் முட்டு நின்னா கதவு நிலை எப்ப வெக்கறது? மேல சுவர் ஏத்தாம விட்டா ஏழு போதும்.

புதுத்திண்ணை
பி.பி.சி.தான். மேலே நாலு வரி செங்கல் உடனே ஏற்ற வேண்டியிருக்கிறது, அதனால் முட்டு 14 நாளே நிற்கட்டும். இன்னும் ஒரே கேள்வி: அடைத்த சாந்து பக்கத்துக் கான்கிரீட்டை விடக் கறுப்பாக இருக்கிறது. காய்ந்தால் நிறம் சேருமா?

கரணை
முழுசாகச் சேராது. பூச்சு வந்தால் தெரியாது.